காலிக் கன்டெய்னரின் செலவு யார் தலையில் விழுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சரக்கு அனுப்புகிறவர்கள், புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாக் கடல்வழிகளையும் தொட்டால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் பெரும்பாலும் ஆசியாவுக்கும் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கும் நடுவே உள்ள பசிபிக் பாதையை வைத்தே பேசுகிறேன். இந்தப் பிரச்சினை அங்கேதான் முழு உருவத்தில் தெரியும்.

காலிக் கன்டெய்னரை எதற்கு மெனக்கெட்டுக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்?

அடுத்த சரக்கு வேறு ஊரில் காத்திருக்கிறது, அதனால்தான். ஷாங்காயிலிருந்து சோபாக்களோடு கிளம்பிய நாற்பது அடிப் பெட்டி லாஸ் ஏஞ்சலஸில் இறக்கப்பட்டதும் அதன் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. அடுத்த சோபாக்கள் ஷாங்காய் பக்கத்துத் தொழிற்சாலையில் தயாராக இருக்கும். பெட்டி இங்கே, சரக்கு அங்கே. அமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்குப் போக வேண்டிய சரக்கு கிடைத்தால் அதை ஏற்றிக்கொண்டு திரும்பும். கிடைக்காவிட்டால் வெறும் பெட்டியாகத் திரும்பும். இப்படி வெறும் பெட்டியை, தேவை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் காலிக் கன்டெய்னர் இடமாற்றம்.

இது அவ்வளவு பெரிய விஷயமா? நாலைந்து பெட்டி காலியாக வந்தால் என்ன?

நாலைந்து இல்லை. உலகத் துறைமுகங்களில் ஏற்றி இறக்கப்படும் கன்டெய்னர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று காலி என்பது பல காலமாகப் புழங்கும் கணக்கு. பசிபிக் பாதையில் நிலைமை இன்னும் மோசம். லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகம் 2021-ல், நாற்பது அடிப் பெட்டியை இரண்டாக எண்ணும் கணக்கில், சுமார் 1 கோடியே 7 லட்சம் இருபது அடி அலகுகளைக் கையாண்டது. அதுவரை அங்கே அதுதான் உச்சம். அதில் சரக்கோடு வந்திறங்கியவை சுமார் 55 லட்சம். சரக்கோடு வெளியே போனவை 12 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. காலியாகக் கையாளப்பட்டவை 40 லட்சத்தை ஒட்டி, அவற்றில் பெரும்பகுதி ஆசியாவுக்குத் திரும்பியவை. அந்த வருடம் அந்தத் துறைமுகத்திலிருந்து அதிகம் வெளியேறியது காற்றை அடைத்த பெட்டிகள்தான்.

ஒரே கப்பல், ஒரே தூரம். போகும்போது ஒரு விலை, வரும்போது வேறு விலை. இது எப்படி நியாயம்?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

கப்பல் கம்பெனி விற்பது ஒருவழிப் பயணத்தை என்று நாம் நினைக்கிறோம். அது உண்மையில் நடத்துவதோ சுற்றுப் பயணம். கிழக்கே போன கப்பல் மேற்கே திரும்பித்தான் ஆக வேண்டும். பருத்தியைப் பயிரிட்டால் பஞ்சும் கொட்டையும் சேர்ந்தே வருவதுபோல, ஒரு கப்பலை ஓட்டினால் போகும்போதுள்ள இடவசதியும் வரும்போதுள்ள இடவசதியும் சேர்ந்தே உண்டாகின்றன. ஒன்றை மட்டும் தனியாக உண்டாக்க முடியாது. பஞ்சுக்கு எவ்வளவு செலவு, கொட்டைக்கு எவ்வளவு செலவு என்று பிரிக்க வழியில்லாததுபோல, போகும் வழிக்கான செலவு இது, வரும் வழிக்கான செலவு இது என்று கப்பலிலும் பிரிக்க முடியாது. மொத்தச் செலவு இரண்டு பக்கமும் சேர்ந்து வசூலாக வேண்டும். எந்தப் பக்கம் கூட்டம் அதிகமோ அந்தப் பக்கம் அதிகம் சுமக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, எந்தக் கம்பெனியின் கணக்கும் இல்லை. நூறு பெட்டிக்கான இடத்தை ஒரு முழுச் சுற்று ஓட்ட எரிபொருள், கப்பல் வாடகை, ஆட்கள் சம்பளம், துறைமுகக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,20,000 டாலர் என்று வைப்போம். சரக்குள்ள பெட்டியை ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் இறக்க 400 டாலர். காலிப் பெட்டிக்கு 300.

முதலில் இரண்டு பக்கமும் நூறு பெட்டி நிறையும் பாதை. கப்பல் செலவு 1,20,000. போகும்போது கையாள 40,000, வரும்போதும் 40,000. ஆக 2,00,000 டாலர். இருநூறு பேர் பங்கிட்டுக் கொடுத்தால் ஆளுக்கு 1,000.

இப்போது போகும்போது நூறு நிறைகிறது, வரும்போது முப்பதுதான் என்று வைப்போம். எழுபது பெட்டி காலி. கப்பல் செலவு அதே 1,20,000. போகும் நூறு பெட்டிக்கு 40,000, திரும்பும் முப்பதுக்கு 12,000, காலி எழுபதுக்கு 21,000. மொத்தம் 1,93,000. திரும்பும் பக்கம் சரக்கைப் பிடிக்கப் போட்டி இருப்பதால் அங்கே 500 டாலருக்கு மேல் கேட்க முடியவில்லை என்றால் வசூல் 15,000 மட்டுமே. மீதி 1,78,000-ஐப் போகும் நூறு பேர்தான் தர வேண்டும். ஆளுக்கு 1,780.

கப்பல் மாறவில்லை, தூரம் மாறவில்லை, எண்ணெய் விலையும் மாறவில்லை. ஆனாலும் ஒரு பக்கம் ஆயிரம் டாலராக இருந்தது 1,780 ஆகிவிட்டது, மறுபக்கம் பாதியாகிவிட்டது. காலிப் பெட்டியின் செலவு யாருடைய பில்லிலும் தனி வரியாகத் தெரிய வேண்டியதில்லை. கூட்டமுள்ள திசையில் அனுப்புகிறவர் தன் சரக்கின் போக்கோடு பெட்டி திரும்பி வரும் செலவையும் சேர்த்தே கட்டுகிறார்.

அப்படியானால் திரும்பும் திசையில் வாடகை எவ்வளவு கீழே இறங்கும்?

நம்ப முடியாத அளவுக்கு. மேலே போட்ட கணக்கையே பாருங்கள். பெட்டி காலியாகப் போனாலும் 300 டாலர் செலவு. சரக்கோடு போனால் 400. அதாவது கம்பெனிக்குக் கூடுதல் செலவு 100 டாலர்தான், அதோடு எடைக்கான கொஞ்சம் எரிபொருளும். அதற்கு மேல் எது கிடைத்தாலும் லாபம்.

இதனால்தான் வேறு எந்த வழியிலும் கப்பல் வாடகை கட்ட முடியாத மலிவான சரக்குகள் திரும்பும் பெட்டிகளில் பசிபிக்கைக் கடக்கின்றன. வைக்கோல் கட்டு, பழைய காகிதம், உலோகக் கழிவு, மரக்கட்டை எல்லாம் அப்படித்தான். கால்நடைத் தீவனமான குதிரைமசால் புல் அமெரிக்க மேற்கிலிருந்து ஜப்பானுக்கும் சீனாவுக்கும் கப்பலேறுவது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். காலியாகப் போகவிருந்த பெட்டி இருப்பதால்தான் அந்த வியாபாரமே கட்டுப்படியாகிறது.

இந்த மலிவுச் சரக்கு ஒரு அரசாணையில் மறைந்துபோகவும் கூடும். சீனா 2018 ஜனவரியிலிருந்து கழிவு பிளாஸ்டிக், தரம் பிரிக்காத காகிதம் போன்றவற்றின் இறக்குமதிக்குத் தடை போட்டது. 2021-ல் திடக்கழிவு இறக்குமதியையே நிறுத்திவிட்டது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய பெட்டிகளில் பழைய காகிதம் பெரிய பங்கு வகித்தது. ஒரு நாட்டின் குப்பைக் கொள்கை இன்னொரு பக்கம் கப்பல் வாடகையைத் தொடும் என்று அதற்கு முன் பலர் யோசித்திருக்க மாட்டார்கள்.

2021-ல் அமெரிக்க விவசாயிகளிடம் ஏற்றுமதிக்குச் சரக்கு இருந்ததே. பிறகு ஏன் பெட்டிகளைக் காலியாகவே கொண்டுபோனார்கள்?

ரொம்ப நல்ல கேள்வி. கூடுதல் செலவுக்கு மேல் எது கிடைத்தாலும் லாபம் என்று மேலே சொன்னேன். அதில் ஒரு விஷயம் விட்டுப்போயிருந்தது: நாள்.

காலிப் பெட்டியைத் துறைமுகத்திலேயே கப்பலில் ஏற்றிவிடலாம். விவசாயியின் சரக்கு வேண்டும் என்றால் பெட்டி ரயிலிலோ லாரியிலோ உள்நாட்டுக்குப் போக வேண்டும், அங்கே சோயாவோ பாதாமோ நிரப்ப வேண்டும், மறுபடி துறைமுகம் வர வேண்டும், புக்கிங் உள்ள கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டும். மறுகரையில் சரக்கை இறக்கிப் பெட்டியை டிப்போவுக்குத் திருப்பவும் நாள் பிடிக்கும். எல்லாம் சேர்த்துக் கூடுதலாகப் பதினைந்து நாள் என்று வைப்போம்.

சாதாரண காலத்தில் அந்தப் பதினைந்து நாளுக்கு மதிப்பு குறைவு, ஏனென்றால் ஆசியாவில் பெட்டி போதுமான அளவு இருக்கும். 2021 செப்டம்பரில் நிலைமை வேறு. ஷாங்காய்–லாஸ் ஏஞ்சலஸ் நாற்பது அடிப் பெட்டிக்குச் சந்தை வாடகை 12,000 டாலரைத் தாண்டியிருந்தது. அதே நேரம் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஷாங்காய்க்கு 1,400 டாலர் அளவில்தான். பெட்டி ஒரு முழுச் சுற்று வர அறுபது நாள் என்று கொண்டால், கிழக்கே போகும் ஒரு பயணத்தின் 12,000 டாலர் நாளுக்கு 200 டாலர் ஆகிறது. பதினைந்து நாள் தாமதம் என்றால் 3,000 டாலர் கைநழுவுகிறது. அதில் பாதியைச் செலவுக்கு என்று கழித்தாலும் 1,500 நிற்கும். விவசாயியின் சரக்கில் வருவதோ 1,400, அதிலும் கையாளும் செலவு போக வேண்டும். சரக்கை ஏற்றினால் நஷ்டம், காற்றை ஏற்றினால் லாபம் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

கம்பெனிகள் கணக்குப்படி நடந்துகொண்டன, ஆனால் அடிபட்டவர்கள் அடிபட்டார்கள். அறுவடை செய்த பாதாம் கிடங்கில் இருந்தது, வாங்குபவர் காத்திருந்தார், பெட்டி மட்டும் இல்லை. கலிபோர்னியாவின் ஓக்லண்ட் துறைமுகத்துக்கு வர வேண்டிய கப்பல்கள் நேரம் மிச்சம் பிடிக்க அதைத் தாண்டிப் போயின. 2022 ஜனவரி கடைசியில் அமெரிக்க வேளாண் துறை ஓக்லண்ட் துறைமுகத்தோடு சேர்ந்து 25 ஏக்கரில் தற்காலிக யார்டு ஒன்றை அறிவித்தது. விவசாய ஏற்றுமதியாளர்கள் காலிப் பெட்டியைச் சீக்கிரம் எடுக்கவும், நிரப்பிய பெட்டியை வைக்கவும் அந்த இடம். 2022 ஜூனில் கையெழுத்தான கடல் கப்பல் சீர்திருத்தச் சட்டம், இடம் இருந்தும் காரணமில்லாமல் சரக்கை மறுக்கக் கூடாது என்று சொன்னது. எது நியாயமான காரணம் என்பதை வரையறுப்பதுதான் அதில் கடினமான பகுதி, அது கூட்டாட்சிக் கடல்வணிக ஆணையத்தின் தலையில் விழுந்தது.

நாளைக்கே ஏற்றுமதியும் இறக்குமதியும் பெட்டி எண்ணிக்கையில் சமமாகிவிட்டால் காலி ஓட்டம் நின்றுவிடுமா?

நிற்காது. எல்லாப் பெட்டியும் ஒரே வகை இல்லை. சோபா, பொம்மை, துணி எல்லாம் இடத்தை அடைக்கும், எடை குறைவு. அதற்கு நாற்பது அடி நீளமும் வழக்கத்தைவிடக் கூடுதல் உயரமும் உள்ள பெட்டி. உள்ளே சுமார் 76 கன மீட்டர் இருக்கும். தானியம், கல், உலோகம், ரசாயனம் எல்லாம் கனம். பெட்டி பாதி நிறையும் முன்பே எடை வரம்பு வந்துவிடும், அதனால் இருபது அடிப் பெட்டி கேட்பார்கள். நாற்பது அடியில் பொருள் வாங்கி இருபது அடியில் பொருள் விற்கும் நாட்டில் ஒரு வகை குவியும், இன்னொரு வகைக்கு அடித்துக்கொள்வார்கள். இரண்டும் எதிரெதிரே காலியாகப் பயணிக்கும்.

எடை இன்னொரு விதத்திலும் குறுக்கே வரும். உயரம் கூடிய அந்த நாற்பது அடிப் பெட்டி காலியாக இருந்தால் ஏறக்குறைய 4 டன். புல் கட்டோ மரக்கூழோ நிரப்பினால் 25 டன்னைத் தாண்டும். அப்படிப்பட்ட பெட்டிகளாகவே ஏற்றினால் இடம் மிச்சமிருக்கும்போதே கப்பலின் எடை வரம்பு முடிந்துவிடும். ஆக, சரக்கு இருந்தாலும் எல்லாப் பெட்டியையும் நிரப்பித் திருப்ப முடியாது.

குளிர்பதனப் பெட்டிகள் தனிக் கதை. வாழைப்பழமோ இறைச்சியோ விற்கும் நாட்டுக்கு அவை போயாக வேண்டும், அங்கே வரும் இறக்குமதிக்கோ குளிர் தேவையில்லை. அதனால் இயந்திரத்தை அணைத்துவிட்டு, சாதாரணச் சரக்கை ஏற்றி, தள்ளுபடி விலையில் அனுப்புவார்கள். இடம் கொஞ்சம் குறைவு, தரை வரிவரியாக இருக்கும், நாற்றமடிக்கும் அழுக்குச் சரக்கை ஏற்ற மாட்டார்கள். உங்கள் சரக்கு அட்டைப்பெட்டியில் சுத்தமாக இருந்தால் கேட்டுப் பாருங்கள், நல்ல விலைக்குக் கிடைக்கும்.

மடக்கும் கன்டெய்னர் கண்டுபிடித்துவிட்டார்களாமே? அதைப் போட்டால் தீர்ந்தது இல்லையா?

கண்டுபிடித்தார்கள். நான்கை மடக்கி ஒன்றின் இடத்தில் அடுக்கும் வகை ரொம்ப நாளாக இருக்கிறது. ஆனால் மடக்கவும் விரிக்கவும் ஆளும் நேரமும் வேண்டும். கீல்களும் ரப்பர் விளிம்புகளும் வந்தால் தண்ணீர் கசியும் இடமும் பழுதாகும் இடமும் கூடும். சாதாரணப் பெட்டியைவிட விலை அதிகம். முக்கியமாக, பசிபிக்கைத் திரும்பும் கப்பலில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. அங்கே மிச்சமாவது ஏற்றி இறக்கும் கூலி மட்டும், நான்கு தூக்கலுக்கு ஒரு தூக்கல். யார்டு வாடகையும் லாரிச் செலவும் அதிகமுள்ள உள்நாட்டுத் தடங்களில் இதற்குப் பொருள் உண்டு. பெருங்கடலில் இன்னும் எடுபடவில்லை.

காலிப் பெட்டியை வந்த இடத்திலேயே விற்றுவிட்டு, கிளம்பும் இடத்தில் புதுசு வாங்கினால் என்ன?

செய்கிறார்கள். உலகின் கன்டெய்னர்களில் மிகப் பெரும்பாலானவை சீனாவில்தான் தயாராகின்றன, அதாவது பெட்டிக்குப் பசி இருக்கும் இடத்திலேயே. புதுப் பெட்டியை ஒரே ஒரு தடவை சரக்கோடு அனுப்பி, அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ கிடங்காகவோ கடையாகவோ பயன்படுத்துவோருக்கு விற்பது ஒரு தனி வியாபாரம். ஆனால் ஒவ்வொரு வருடமும் திரும்ப வேண்டிய லட்சக்கணக்கான பெட்டிகளுக்கு அங்கே வாங்க ஆள் கிடையாது.

வாடகைப் பெட்டியிலும் இதே கணக்கு உண்டு. வாடகைக் கம்பெனியின் ஒப்பந்தத்தில் எந்த ஊரில், மாதம் எத்தனை பெட்டியைத் திருப்பித் தரலாம் என்று அட்டவணை இருக்கும். குவிந்து கிடக்கும் ஊரில் விட்டால் இறக்குக் கட்டணம் கேட்பார்கள். தட்டுப்பாடுள்ள ஊரில் விட்டால் தட்டிக்கொடுப்பார்கள். அந்த அட்டவணையைப் பார்த்தாலே உலகில் பெட்டி எங்கே மிச்சம், எங்கே பற்றாக்குறை என்று புரிந்துவிடும்.

டிப்போவில் ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் எனக்குப் பெட்டி இல்லை என்கிறார்கள். பொய்யா?

பெரும்பாலும் பொய் இல்லை. அடுக்கில் இருப்பது எல்லாம் ஓடத் தயாரான பெட்டி கிடையாது. இறக்குமதியாளர் திருப்பிய பெட்டியின் தரையில் ஆணி நிற்கும், எண்ணெய்க் கறை இருக்கும், கதவு ரப்பர் கிழிந்திருக்கும், கூரையில் துளை விழுந்திருக்கும். துளையைக் கண்டுபிடிக்க இன்றும் பழைய முறைதான். ஒரு ஆள் உள்ளே போய் நிற்பார், வெளியிலிருந்து கதவைச் சாத்துவார்கள். கண் இருட்டுக்குப் பழகியதும், குண்டூசி அளவு துளை இருந்தால்கூட வெளிச்சம் கம்பிபோல் உள்ளே இறங்கும். அந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுவிட்டு வெளியே வருவார். முதல் தடவை நான் உள்ளே நின்றபோது கூரை மூலையில் மூன்று புள்ளி மின்னியது. வெளியிலிருந்து பார்த்தபோது அந்தப் பெட்டி பளபளவென்று இருந்தது.

உணவுப் பொருளுக்கு என்றால் கழுவி, காயவைத்து, மணம் பார்த்துத் தனியாகத் தேற வேண்டும். அப்புறம் அடுக்கும் முறை. ஏழெட்டு உயரம் அடுக்கிய வரிசையில் உங்களுக்கு வேண்டிய பெட்டி அடியில் இருந்தால் மேலுள்ள அத்தனையும் நகர வேண்டும். எண்ணிக்கையில் ஆயிரம் இருந்தாலும், இன்று வாசலில் கொடுக்கக்கூடியது அதில் ஒரு பகுதிதான்.

ஒரு வழித்தடத்தில் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு திசைக்கும் ஒரே நாளில் விலை கேளுங்கள். ஒன்று மற்றதைப் போல இரண்டு மூன்று மடங்கு இருந்தால் விடை கிடைத்துவிட்டது. அடுத்து, துறைமுகத்தின் மாதப் புள்ளிவிவரம். லாஸ் ஏஞ்சலஸ் போன்ற துறைமுகங்கள் சரக்கோடு வந்தது, சரக்கோடு போனது, காலியாக வந்தது, காலியாகப் போனது என்று நான்காகப் பிரித்தே வெளியிடுகின்றன. காலியாகப் போன வரிசை பெருத்திருந்தால் அங்கிருந்து ஏற்றுமதி செய்கிறவர் பேரம் பேசலாம். காலியாக வந்த வரிசை பெருத்திருந்தால், உங்களுக்காக யாரோ வெறும் பெட்டியைக் கடல் தாண்டிக் கொண்டுவருகிறார்கள், அதற்கான தொகை உங்கள் வாடகைக்குள் இருக்கிறது, சில சமயம் பெட்டிச் சமநிலைக் கட்டணம் என்ற பெயரில் தனி வரியாகவும் வரும்.

மாத எண்ணிக்கை பழைய செய்தி என்பதை மறக்க வேண்டாம். இன்று ஒரு கப்பல் பயணம் ரத்தானால், அது கொண்டுவரவேண்டிய காலிப் பெட்டிகளும் சேர்ந்து ரத்தாகின்றன. அதன் வலி சில வாரம் கழித்து, அந்தப் பெட்டி சேர வேண்டிய ஊரில்தான் தெரியும். அதனால் விலை கேட்கும்போதே, எந்த அளவுப் பெட்டி அந்த டிப்போவில் இந்த வாரம் மிச்சமாக இருக்கிறது என்றும் கேளுங்கள். இருபது அடிக்குப் பதில் நாற்பது, திங்களுக்குப் பதில் வியாழன் என்று உங்களால் வளைய முடிந்தால், காலியாகக் கிளம்பவிருந்த ஒரு பெட்டி உங்கள் சரக்கோடு கிளம்பும்.